மைனர் பிள்ளைக்கு வரும் குடும்ப ஓய்வூதியம்: காப்பாளர் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு

தாயோ தந்தையோ இறந்துபோனால், அவர் பார்த்த வேலையையோ கட்டிய சந்தாவையோ அடிப்படையாக வைத்து, அவருடைய பிள்ளைக்கு மாதந்தோறும் ஒரு தொகை வழங்கும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. குடும்ப ஓய்வூதியம், வாரிசு ஓய்வூதியம், அனாதை ஓய்வூதியம் என்று பெயர்கள் மாறினாலும் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளை மைனராக இருக்கும்போது அந்தத் தொகை உயிரோடிருக்கும் தாய் அல்லது தந்தையிடமோ, அவர்கள் இருவருமே இல்லையென்றால் பாட்டி, சித்தப்பா, அத்தை அல்லது நீதிமன்றம் நியமித்த ஒருவரிடமோ கொடுக்கப்படுகிறது. இந்தக் கட்டுரை ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. அந்தப் பணம் எந்த நாளில், எப்படிக் காப்பாளரின் கையை விட்டுப் பிள்ளையின் கைக்குப் போகிறது என்பதே அது.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு தேதிகளை மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, பணத்தை வாங்குபவர் மாறும் தேதி. இரண்டாவது, பணம் பெறும் உரிமையே முடிந்துபோகும் தேதி. பிள்ளை மேஜர் ஆவதோடு முதலாவது வருகிறது. இரண்டாவதை அந்தந்த ஓய்வூதியத் திட்டத்தின் விதி தீர்மானிக்கிறது. சில திட்டங்களில் இரண்டும் ஒரே நாளில் வரும். சிலவற்றில் இரண்டுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருக்கும். குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுவதால்தான். "பதினெட்டு முடிந்துவிட்டது, இனிப் பணம் வராது" என்று விட்டுவிடுகிறவர்கள் உரிமையுள்ள பணத்தை இழக்கிறார்கள். "இருபத்தைந்து வயதுவரை உண்டு என்றார்களே" என்று காப்பாளரின் கையெழுத்திலேயே கணக்கைத் தொடர முயல்கிறவர்களுக்குப் பதினெட்டாம் பிறந்தநாளுக்குப் பிறகு பணம் வங்கியில் முடங்கிவிடுகிறது.

இரண்டாவது தேதி எவ்வளவு வேறுபடும் என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் போதும். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளைக்கான தொகை 18 வயதோடு முடிகிறது. ஆனால் பிள்ளை இன்னும் பள்ளியில் முழுநேர மாணவராக இருந்தால் பள்ளி முடியும்வரை, அல்லது 19 வயது நிறைந்து இரண்டு மாதங்கள் ஆகும்வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை தொடரும். அங்கே கல்லூரிப் படிப்பு கணக்கில் வராது. ஜெர்மனியின் அரசு ஓய்வூதியக் காப்பீட்டில் எல்லை 18 வயதுதான் என்றாலும், பள்ளியிலோ தொழிற்பயிற்சியிலோ பல்கலைக்கழகத்திலோ பிள்ளை பயின்றுகொண்டிருந்தால் 27 வயதுவரை நீளும். இந்தியாவின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-இல் பிள்ளைகளுக்கான ஓய்வூதியம் 25 வயதுவரை, ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு வழங்கப்படுகிறது. ஆக 18 என்ற எண் மூன்று இடங்களிலும் இருக்கிறது. அதன் பொருள்தான் ஒவ்வோர் இடத்திலும் வேறு.

காப்பாளருக்கு இதில் என்ன இடம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் தொகை பிள்ளையுடையது. காப்பாளர் அதை வாங்கிச் செலவிடும் பொறுப்பாளர் மட்டுமே. பிள்ளைக்குச் சட்டப்படி ஒப்பந்தம் செய்யவும் வங்கிக் கணக்கை முழு உரிமையோடு நடத்தவும் வயது இல்லை என்பதால் இடையில் ஒருவர் தேவைப்படுகிறார். அந்தக் காரணம் நீங்கும் நாளில் அவருடைய பொறுப்பும் நீங்குகிறது. காப்பாளர் நன்றாகக் கவனித்துக்கொண்டாரா இல்லையா என்பதற்கும் அந்த மாற்றத்துக்கும் தொடர்பில்லை. அதை ஓர் அவநம்பிக்கை என்று மனம் வருந்துகிற பெரியவர்கள் உண்டு; அவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

மேஜர் ஆகும் வயது பற்றி இந்தியக் குடும்பங்களில் ஒரு பழைய குழப்பம் இன்னும் இருக்கிறது. 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி, நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைகள் 18 வயதில் அல்ல, 21 வயதில்தான் மேஜர் ஆனார்கள். 1999-இல் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கி எல்லாருக்கும் 18 என்று ஆக்கியது. அதற்கு முந்தைய காலத்து வழக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு, "கோர்ட் ஆர்டர் இருக்கிறதே, இருபத்தொன்றுவரை நானே வாங்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அது இன்று செல்லாது.

ஒரே வீட்டுக்குள் இரண்டு ஓய்வூதியங்கள்

தாய் உயிரோடிருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. கணவரை இழந்த தாய்க்கு அவருடைய சொந்த உரிமையாக ஒரு தொகையும், பிள்ளையின் உரிமையாக இன்னொரு தொகையும் வரலாம். இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில் ஒரே நாளில் வந்து விழுந்தால், சில ஆண்டுகளில் அவை ஒன்றாகவே தோன்றத் தொடங்கிவிடும். ஆனால் அவை தனித்தனியாகத் தொடங்கித் தனித்தனியாக முடிபவை. அமெரிக்கத் திட்டத்தில், சிறு பிள்ளையை வளர்க்கிறார் என்பதற்காக இளம் தாய்க்குத் தரப்படும் தொகை, மாற்றுத்திறனாளி அல்லாத பிள்ளைக்கு 16 வயது ஆனதும் நின்றுவிடுகிறது. பிள்ளையின் தொகையோ தொடர்கிறது. தாய் மறுமணம் செய்துகொண்டால் அவருடைய அந்தத் தொகை நிற்கும். பிள்ளையின் தொகை நிற்பதில்லை. மறுமணத்தால் பிள்ளையின் பணமும் போய்விடும் என்று பயந்து, கேட்கவே கேட்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே பிள்ளையின் தொகைக்குத் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுவதே முதல் வேலை. கணக்கின் தலைப்பிலேயே பிள்ளை உரிமையாளர் என்றும் பெரியவர் காப்பாளர் என்றும் தெரிய வேண்டும். எவ்வளவு வந்தது, பிள்ளையின் வாடகைப் பங்குக்கும் உணவுக்கும் உடைக்கும் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் எவ்வளவு போனது, மீதி எங்கே இருக்கிறது என்று மாதம் ஒரு வரி எழுதினால் போதும். அந்தக் குறிப்பு யாருக்குத் தேவைப்படும் என்பது கைமாறும் நாளில் தெரியும்.

ஒரு சிறுமியின் கணக்கு

ஒரு வழக்கை அடியிலிருந்து எடுத்துப் பார்ப்போம். அமெரிக்க விதிகளின்படி எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே இரண்டு தேதிகளும் நெருக்கமாக இருந்தும் ஒன்றாக இல்லை. அதனால் மாற்றம் தெளிவாகத் தெரியும். ஆட்களும் தொகையும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

ஒரு சிறுமி 2007 நவம்பர் 12 அன்று பிறந்தவள். தாய் முன்பே இல்லை. தந்தை 2022 அக்டோபரில் இறந்தார். அவளைப் பாட்டி வளர்க்கிறார். அவளுக்குரிய தொகையை அவள் சார்பில் பெறுபவராகப் பாட்டியைச் சமூகப் பாதுகாப்பு அலுவலகம் ஏற்றுக்கொண்டது. மாதம் 900 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 750 டாலரைப் பாட்டி அவளுக்காகச் செலவிட்டு, 150 டாலரை அவள் பெயரில் சேர்த்துவருகிறார். 2022 நவம்பர் முதல் 2025 அக்டோபர் வரை 36 மாதங்கள். மொத்தம் வந்தது 32,400 டாலர், செலவானது 27,000, சேமிப்பில் நிற்பது 5,400 டாலரும் அதன் வட்டியும்.

2025 நவம்பரில் அவளுக்கு 18 நிறைகிறது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். பிள்ளைக்கான தொகை 18 வயதோடு முடியப்போகிறது என்பதை அது அறிவிக்கும். அத்துடன் மாணவர் நிலையைத் தெரிவிக்கும் எஸ்.எஸ்.ஏ.-1372 என்ற படிவம் இருக்கும். அந்தப் படிவத்தில் ஒரு பகுதியை மாணவியே நிரப்ப வேண்டும். இன்னொரு பகுதியைப் பள்ளி அலுவலர் பார்த்து, அவள் முழுநேரமாகப் படிக்கிறாள் என்றும் எப்போது முடிக்கப்போகிறாள் என்றும் சான்றளிக்க வேண்டும். அவளுடைய பள்ளிப்படிப்பு 2026 ஜூனில் முடிகிறது.

இங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது. கடிதத்தின் முதல் வரியில் "முடிகிறது" என்ற சொல்லைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுகிறார்கள்; உள்ளே இருக்கும் படிவம்தான் அடுத்த எட்டு மாதங்களின் பணம் என்பதைக் கவனிப்பதில்லை. நம் சிறுமி படிவத்தைப் பள்ளிக்கு எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். கூடவே தன் பெயரில், தானே நடத்தும் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து அதன் எண்ணையும் அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

இனிப் பணம் போகும் வழியைப் பார்க்கலாம். அந்தத் திட்டத்தில் ஒரு மாதத்துக்கான தொகை அடுத்த மாதத்தில்தான் கைக்கு வரும். ஆகவே நவம்பரில் வருவது அக்டோபருக்கான தொகை. அப்போது அவள் மைனர், அது பாட்டியிடமே வருகிறது. அவள் 18-ஐ எட்டிய நவம்பருக்கான தொகை டிசம்பரில் வரும். அது அவளுடைய கணக்குக்குப் போக வேண்டியது. நவம்பரில் பாட்டியின் கணக்குக்கு வந்த பணத்தைப் பார்த்து, "பதினெட்டு ஆனபிறகும் தவறாக வந்துவிட்டது" என்று பதற வேண்டியதில்லை. எந்த மாதத்துக்கான பணம் என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். பிறந்தநாள் ஒன்றாம் தேதியில் வருபவர்களுக்கு மட்டும் ஒரு நுட்பம் உண்டு. பிறந்தநாளுக்கு முந்தைய நாளிலேயே வயது நிறைவதாக அங்கே கணக்கிடுவதால், டிசம்பர் 1-இல் பிறந்தவர் நவம்பரிலேயே 18-ஐ எட்டியவராகிறார்.

அடுத்தது அந்த 5,400 டாலர். பாட்டி பொறுப்பிலிருந்து விலகும்போது, சேர்த்து வைத்த தொகையையும் வட்டியையும் அலுவலகம் சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும்: அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினால் அது சிறுமிக்குத் திரும்ப வழங்கப்படும், அல்லது நேராக அவளிடம் கொடுக்கச் சொல்வார்கள். "வளர்த்ததற்காக" என்று பாட்டி அதை வைத்துக்கொள்ள முடியாது. பேத்தி விரும்பினாலும் பணம் முதலில் அவள் கைக்கு வர வேண்டும், பிறகு என்ன செய்வது என்பது அவள் முடிவு. மாதம் ஒரு வரி எழுதிய குறிப்பேடு இந்த இடத்தில்தான் பாட்டியைக் காக்கிறது. செலவான 27,000 டாலர் எங்கே போனது என்று பேத்தியோ அலுவலகமோ கேட்டால், நினைவைத் துழாவாமல் காட்ட ஏதோ ஒன்று கையில் இருக்கிறது.

இதே சிறுமி ஜெர்மனித் திட்டத்தின்கீழ் இருந்தால், 2025 நவம்பரில் வாங்குபவர் மாறுவார். ஆனால் 2026 ஜூனுக்குப் பிறகும், அவள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால் உரிமை தொடரும். பள்ளிக்கும் அடுத்த படிப்புக்கும் நடுவில் நான்கு காலண்டர் மாதங்களுக்கு மிகாத இடைவெளியை அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்கத் திட்டத்திலும் பள்ளி விடுமுறைக்காக நான்கு மாதம்வரை வகுப்பு இல்லாமல் இருந்து, மீண்டும் சேரும் எண்ணம் இருந்தால், அந்தக் காலத்திலும் முழுநேர மாணவராகவே கருதப்படுவார். கோடை விடுமுறையில் பணம் நின்றுவிடுமோ என்ற கேள்வி அடிக்கடி எழுவதால் இதைச் சொல்கிறேன்.

பணம் நின்றுவிட்டால் எங்கே பார்ப்பது

பதினெட்டாம் பிறந்தநாளை ஒட்டிப் பணம் வராமல் போனால், அதற்குக் காரணங்கள் மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அவற்றை வேறுபடுத்திக் காண்பது கடினமல்ல.

முதல் காரணம், படிப்புச் சான்று போய்ச் சேராதது. அப்போது அலுவலகத்தின் பதிவில் உரிமையே முடிந்துவிட்டது என்று இருக்கும். கடிதத்திலும் அப்படியே எழுதியிருக்கும். சான்றைக் கொடுத்தால் உரிமை மீட்கப்படும். விட்டுப்போன மாதங்களின் நிலுவைத் தொகையையும் கேட்க வேண்டும். ஆனால் எத்தனை மாதம் பின்னோக்கித் தருவார்கள் என்பதற்குத் திட்டந்தோறும் வரம்பு உண்டு என்பதால் தாமதிக்கக் கூடாது.

இரண்டாவது காரணம், உரிமை இருக்கிறது, ஆனால் யாரிடம் கொடுப்பது என்று முடிவாகவில்லை. காப்பாளரின் பொறுப்பு முடிந்தது, பிள்ளையின் கணக்கு விவரம் வரவில்லை. இந்த நிலையில் பணம் அலுவலகத்திலேயே நிற்கிறது. கணக்கு எண்ணும் அடையாளச் சான்றும் கொடுத்ததும் நிலுவையோடு வந்துவிடும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை மைனராக இருந்த மாதங்களுக்கான நிலுவை கூட, அது வழங்கப்படும் நாளில் பிள்ளை மேஜர் ஆகிவிட்டால் பிள்ளைக்கே போகும். "அந்த மாதங்களில் நான்தானே செலவு செய்தேன்" என்று காப்பாளர் சொல்வதில் நியாயம் இருக்கலாம்; அதைப் பிள்ளையிடம் பேசித் தீர்க்க வேண்டுமே தவிர அலுவலகத்திடம் கேட்க முடியாது.

மூன்றாவது, அலுவலகம் அனுப்பிவிட்டது, வங்கிதான் தடுக்கிறது. மைனர் கணக்குக்கு உரிமையாளர் மேஜர் ஆனதும் வங்கி புதிய மாதிரிக் கையெழுத்தையும், கணக்கை இனி யார் நடத்துவது என்ற புதிய அறிவுறுத்தலையும் வாங்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2025-இல் மைனர் கணக்குகள் பற்றி வெளியிட்ட அறிவுறுத்தலில் இது தெளிவாக இருக்கிறது; காப்பாளர் நடத்திவந்த கணக்கானால் மேஜர் ஆகும் நாளில் இருப்புத் தொகையையும் உறுதிசெய்து வைக்கச் சொல்கிறது. இதைச் செய்யாத கணக்கில் பணம் வந்து நின்றிருக்கும், அல்லது அனுப்பிய இடத்துக்கே திரும்பியிருக்கும். வங்கிக் கிளைக்குப் பிள்ளையே நேரில் போய், அடையாளச் சான்றும் புகைப்படமும் கொடுத்துக் கையெழுத்திட்டால் இது தீர்ந்துவிடும். காப்பாளர் மட்டும் போனால் தீராது. அவருடைய கையெழுத்துக்கு இப்போது அந்தக் கணக்கில் மதிப்பில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: பிறந்தநாளுக்குப் பிறகும் காப்பாளரின் கணக்குக்குப் பணம் தொடர்ந்து வருவது. எந்த மாதத்துக்கான பணம் என்று முதலில் பார்க்க வேண்டும். மேஜர் ஆனபிறகான மாதத்துக்கு உரியது என்றால், அதைத் தொடாமல் வைத்து, பிள்ளையும் காப்பாளரும் சேர்ந்து அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமை தொடர்கிற பிள்ளைக்கு அது அவருடைய பணம். உரிமை முடிந்த பிள்ளைக்கு அது திருப்பித் தர வேண்டிய பணம். செலவழித்துவிட்டால், பிறகு ஒரே தவணையாகக் கேட்டு வரும் கடிதம் குடும்பத்தையே உலுக்கிவிடும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இந்த ஓட்டம் மாறுகிறது. பல திட்டங்களில், சிறுவயதிலிருந்தே உள்ள கடுமையான இயலாமை காரணமாக உரிமை 18-ஐயும் 25-ஐயும் தாண்டித் தொடரலாம். அமெரிக்கத் திட்டத்தில் 22 வயதுக்கு முன் தொடங்கிய இயலாமைக்கு அப்படி ஒரு வழி உண்டு. ஆனால் அங்கே வயதுவந்த ஒருவர் தன் பணத்தைத் தானே நிர்வகிக்க வல்லவர் என்பதுதான் தொடக்க அனுமானம். அவரால் இயலாது என்றால் மருத்துவச் சான்றோடு அதைக் காட்டி, பணத்தை வாங்குபவராக ஒருவரை மீண்டும் ஏற்கச் செய்ய வேண்டும். சிறுவயதில் காப்பாளராக இருந்ததனாலேயே ஒருவர் தானாகத் தொடர்ந்துவிட முடியாது. பிள்ளைக்குப் பதினேழு நடக்கும்போதே இதற்கான விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டால் நடுவில் பணம் தடைபடாது.

நம் சிறுமியிடம் திரும்புவோம். 2026 ஜூனில் அவள் பள்ளியை முடித்ததும் அதை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியவள் அவள்தான், பாட்டி அல்ல. ஜூலையில் அவள் கணக்குக்கு ஒரு தொகை வந்தால் அது ஜூனுக்கானது. ஆகஸ்டிலும் ஒன்று வந்தால் அது ஜூலைக்கானது. ஜூலையில் அவள் பள்ளி மாணவி இல்லை. அந்தப் பணத்தை எடுக்காமல் அப்படியே வைத்து, அன்றே அலுவலகத்தை அழைத்துச் சொல்ல வேண்டும்.